43 மிஷின் கணக்கு: பாலக்கோட்டு யூடியூபர் ஒரு ஸ்ப்ரேயர் கம்பெனியிடம் கமிஷன் கேட்ட விதம்

பாலக்கோடு பக்கத்தில் தக்காளி போடும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், யூடியூபில் காய்கறி விவசாயச் சேனல் நடத்துகிறார். 48,000 சந்தாதாரர்கள். கோவையில் பேட்டரி ஸ்ப்ரேயர் தயாரித்து, கடைகள் வழியாகவும் சொந்த இணையதளம் வழியாகவும் விற்கும் ஒரு கம்பெனிக்கு அவர் கூட்டு விற்பனைக்கான முன்மொழிவு எழுதினார். கொஞ்சம் நிலையான கட்டணம், அதோடு விற்ற ஒவ்வொரு மிஷினுக்கும் கமிஷன் என்பது ஏற்பாடு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் சேனல் நடத்துகிறவர்களுக்கு இதுபோன்ற கடிதங்களைத் தயார் செய்து, கணக்கும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. இரு தரப்பும் கேட்டுக்கொண்டதால் பெயர்களை எடுத்துவிட்டேன், எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

அவர் முதலில் எழுதிவைத்திருந்த கடிதம் எல்லோரும் எழுதுவதுபோலத்தான் இருந்தது. 48,000 சந்தாதாரர்கள், கடந்த மூன்று மாதத்தில் 9 லட்சம் பார்வைகள், ஒரு வீடியோவுக்குச் சராசரி 20,000 பார்வை. ஒன்றும் பொய் இல்லை. ஆனால் ஸ்ப்ரேயர் விற்கிறவருக்கு இதில் பயன்படுகிற எண் ஒன்றுகூட இல்லை.

9 லட்சத்தைப் பிரித்தால் ஆறரை லட்சம் ஷார்ட்ஸ், இரண்டரை லட்சம் நீள வீடியோ. ஷார்ட்ஸ் விளக்கக் குறிப்பிலும் கமெண்டிலும் போடும் லிங்க்கை 2023 ஆகஸ்ட் 31 முதல் அழுத்த முடியாதபடி யூடியூப் மாற்றிவிட்டது. ஆகவே லிங்க் வழியாக விற்பனை நடக்கும் என்று சொன்னால் அந்த ஆறரை லட்சத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மீதி இரண்டரை லட்சம் பன்னிரண்டு வீடியோக்களுக்கு வந்தது. அவற்றில் ஒன்று தக்காளி விலை ஏறிய நேரத்தில் மண்டியில் எடுத்தது, அது மட்டுமே 1,40,000. மற்ற பதினொன்றும் ஆறாயிரத்துக்கும் பதினாலாயிரத்துக்கும் நடுவில். சராசரி போட்டால் 20,000 வருகிறது. பன்னிரண்டையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 9,500. அடுத்த வீடியோவுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டால் நேர்மையான பதில் அந்த 9,500தான். அவருக்கு முகம் வாடியது. "அண்ணா, இதப் போட்டா யாரு நம்மளக் கூப்பிடுவாங்க?" என்றார். கம்பெனிக்காரர் சேனலைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தால் இதே எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார், நாமே சொல்லிவிடுவோம் என்றேன்.

பார்க்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. யூடியூப் ஸ்டூடியோவில் நகரம் வாரியாகப் பார்க்கலாம். ஆனால் மொபைல் நெட்டில் பார்ப்பவர்களை அது பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கோவை என்று பெரிய ஊர்க் கணக்கில் சேர்த்துவிடுகிறது. காரிமங்கலத்தில் வயல் வரப்பில் உட்கார்ந்து பார்ப்பவர் பெங்களூரு ஆளாகத் தெரிவார். அதனால் சேனலின் போஸ்ட் பகுதியில் "நீங்க எந்த மாவட்டம்?" என்று ஓட்டெடுப்பு வைத்தார். 1,100 பேர் பதில் சொன்னார்கள். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்து 58 சதவீதம். சேலம், நாமக்கல் 19. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்கள் 17. வெளிமாநிலம், வெளிநாடு 6. ஓட்டுப் போடுகிறவர்கள் சேனலோடு நெருக்கமானவர்கள், மொத்தப் பார்வையாளர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. கடிதத்தில் அதையும் ஒரு வரி எழுதினோம்.

கடிதத்துக்கு உயிர் கொடுத்த எண் வேறொன்று. சில மாதம் முன்பு அவர் ஸ்ப்ரேயர் முனையில் மாட்டும் நாசில் பற்றி ஒரு வீடியோ போட்டு, ஒரு விற்பனைத் தளத்தின் கமிஷன் லிங்க்கைக் கீழே கொடுத்திருந்தார். பார்வை 9,800. லிங்க்கை அழுத்தியவர்கள் 210. வாங்கியவர்கள் 6. அதே வீடியோவுக்கு "அண்ணா, இது எங்க கிடைக்கும், போன் நம்பர் இருக்கா?" என்று வாட்ஸ்அப்பில் வந்த விசாரிப்புகள் 60க்கு மேல். அந்தத் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. இவருடைய ஆட்கள் பொருளை வாங்குகிறார்கள், லிங்க்கில்தான் வாங்குவதில்லை. போன் போட்டு, ஒரு மனிதக் குரலிடம் நாலு கேள்வி கேட்டு, பொருள் கைக்கு வந்தபிறகு பணம் கொடுத்து வாங்குகிறார்கள். லிங்க்கை மட்டும் வைத்துக் கமிஷன் கணக்கிடும் வழக்கமான ஏற்பாட்டில் இவர் பத்து மிஷின் விற்றுக் கொடுத்தால் இரண்டுக்குத்தான் காசு வரும். கம்பெனியும் இந்தச் சேனலால் விற்பனை இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

கம்பெனியின் பக்கம் உட்கார்ந்து போட்ட கணக்கு

அந்த 16 லிட்டர் மிஷினின் விலை இணையதளத்தில் 3,600 ரூபாய். கம்பெனியின் அடக்க விலை நமக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கடைக்காரருக்கு என்ன விடுகிறார்கள் என்பது தெரிந்துகொள்ளக்கூடியது. இவருக்குப் பழக்கமான விவசாயப் பொருள் கடைக்காரர் 15 சதவீதம் என்றார். அதாவது ஒரு மிஷினுக்கு 540 ரூபாய். ஒரு மிஷினை விற்றுத் தர ஆகும் செலவு 540 வரை போகலாம் என்று கம்பெனி ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறது. நம் ஏற்பாடு அதற்குள் அடங்கினால் பேச்சு நடக்கும், தாண்டினால் நடக்காது.

சேனல்காரர் மனதில் இருந்தது 12,000 ரூபாய் கட்டணம், 8 சதவீதம் கமிஷன், பார்வையாளருக்கு 200 ரூபாய் தள்ளுபடி. கமிஷன் 288, தள்ளுபடி 200, ஆக ஒரு மிஷினுக்கு 488 போய்விடுகிறது. 540க்கு மிச்சம் 52தான். 12,000 கட்டணத்தை 52, 52ஆகத் திரட்ட வேண்டுமென்றால் 231 மிஷின் விற்க வேண்டும். 9,500 பேர் பார்க்கும் வீடியோவில் அது நடக்காது.

மாற்றிப் போட்டோம். கட்டணம் 6,000, கமிஷன் மிஷினுக்கு 250 ரூபாய் நேராக, தள்ளுபடி 150. இப்போது ஒரு மிஷினுக்கு 400 போகிறது, 140 மிஞ்சுகிறது. 43 மிஷின் விற்றால் கம்பெனிக்குக் கடைக்காரர் வழியாக விற்ற செலவே ஆகிறது, அதற்கு மேல் விற்பதெல்லாம் கம்பெனிக்கு மிச்சம். சதவீதத்தை விட்டு நேர்த் தொகை கேட்டதற்குக் காரணம் உண்டு. பண்டிகைச் சலுகை என்று கம்பெனி திடீரென விலையைக் குறைத்தால் சதவீதக் கமிஷன் சுருங்கும், நேர்த் தொகை அப்படியே நிற்கும்.

கட்டணமே வேண்டாம், முழுக்கக் கமிஷன் என்று கேட்டால் இன்னும் சுலபமாக ஒத்துக்கொள்வார்களே என்று தோன்றலாம். நான் அதற்கு உடன்படுவதில்லை. வீடியோ எடுக்க ஆகும் பெட்ரோல், உதவிக்கு வரும் ஆளின் கூலி, எடிட்டிங் எல்லாம் விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் செலவுதான். அதைவிட, ஒரு ரூபாயும் முன்பணம் போடாத கம்பெனி போன் எடுக்கிற ஆளிடம் "இந்த வீடியோ பார்த்து வருகிறவர்களைக் கவனி" என்று சொல்லிவைக்காது.

அனுப்பிய கடிதம்

"வணக்கம் சார். நான் பாலக்கோட்டிலிருந்து காய்கறி விவசாயச் சேனல் நடத்துகிறேன். என் வீடியோக்களின் வழக்கமான பார்வை 30 நாளில் 9,500. ஓட்டெடுப்பில் பதில் சொன்ன 1,100 பேரில் 58 சதவீதம் பேர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார். நாசில் பற்றிய வீடியோவுக்கு லிங்க்கில் 6 பேர் வாங்கினார்கள், வாட்ஸ்அப்பில் 60 பேருக்கு மேல் விசாரித்தார்கள். இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துள்ளேன்.

உங்கள் 16 லிட்டர் மிஷினுக்கு ஒரு நீள வீடியோ, இரண்டு ஷார்ட்ஸ், 60 நாள் ஓட்டியபின் ஒரு பராமரிப்பு வீடியோ செய்து தருகிறேன். கட்டணம் 6,000. பார்வையாளருக்கு 150 தள்ளுபடி. பணம் கைக்கு வந்த ஒவ்வொரு மிஷினுக்கும் எனக்கு 250. லிங்க், கூப்பன், போன் என்று எந்த வழியில் வந்தாலும் கணக்கில் சேர வேண்டும். 90 நாளில் 30 முதல் 50 வரை விற்கும் என்று எதிர்பார்க்கிறேன், இது உறுதிமொழி அல்ல. முதலில் ஒரு மிஷினை இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுகிறேன், வீடியோ வராது. பணம் வாங்கிச் செய்வதை வீடியோவிலேயே சொல்வேன்."

இவ்வளவுதான். அதற்குக் கீழே மாதிரி யோசனைகள் மூன்று.

மூன்று யோசனைகளும், வேண்டாம் என்ற ஒன்றும்

முதல் யோசனை, ஒரு சார்ஜில் எத்தனை டேங்க். முழு சார்ஜ் ஏற்றி, தக்காளி வயலில் டேங்க் டேங்காக அடித்துக்கொண்டே போவது. முதல் டேங்கில் தெளிப்பு எப்படி விழுகிறது, கடைசி டேங்கில் எப்படி விழுகிறது என்று ஒரே இடத்தில் கேமராவை வைத்துக் காட்டுவது. பேட்டரி தீர்வதற்கு முன்பே அழுத்தம் குறைந்து துளி பெரிதாகிவிடும். மிஷின் ஓடுகிறது, மருந்து சரியாகப் படவில்லை என்ற அந்த இடத்தைக் காட்டுவதுதான் வீடியோவின் சாரம்.

இரண்டாவது, எந்த வேலைக்கு எந்த நாசில். பூச்சி மருந்துக்கும் பூஞ்சாண மருந்துக்கும் கூம்பு போல விரியும் நாசில், களைக்கொல்லிக்கு விசிறி போலத் தட்டையாக விழும் நாசில். இது இரண்டு ஷார்ட்ஸாக வரும். தண்ணீரை மட்டும் ஊற்றிச் செய்தால் போதும். மருந்துப் பெயரோ அளவோ வாயில் வராது, லேபிளில் போட்டிருக்கிறபடி என்று மட்டும் சொல்வேன் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார். வயலில் எடுக்கும் காட்சிகளில் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் நிற்க மாட்டேன் என்பதும் அதில் இருந்தது.

மூன்றாவது, 60 நாள் கழித்து மிஷினைப் பிரித்துப் போட்டுக் காட்டுவது. எந்த வாஷர் தேய்ந்திருக்கிறது, வடிகட்டியில் என்ன அடைத்திருக்கிறது, சும்மா கிடக்கும் மாதங்களில் லெட் ஆசிட் பேட்டரியை ஏன் அவ்வப்போது சார்ஜ் போட்டு வைக்க வேண்டும், உதிரி பாகம் எங்கே கிடைக்கும். கம்பெனியின் விற்பனை மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. "தம்பி, நம்ம பொருள் தேஞ்சு போனத நாமளே காட்டணுமா?" என்று கேட்டார். இவர் தன் பழைய வீடியோக்களின் கமெண்டுகளை எடுத்துக் காட்டினார். திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்பதுதான். இந்தப் பக்கத்தில் மிஷின் வாங்கத் தயங்குகிறவர் விலைக்குத் தயங்குவதில்லை, ஒரு வாஷருக்காக மிஷின் மூலையில் கிடக்குமே என்று தயங்குகிறார். மேலாளர் யோசித்து, உதிரி பாகப் பெட்டி ஒன்றையும் சேர்த்து அனுப்ப ஒத்துக்கொண்டார்.

பதிலுக்கு அவர் ஒன்று கேட்டார். கிருஷ்ணகிரி என்றால் மாம்பழமாச்சே, காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் வைத்து ஒரு வீடியோ எடுத்தால் என்ன? இவர் மறுத்துவிட்டார். வளர்ந்த பெங்களூரா மாமரத்தின் உச்சிக்கு முதுகில் மாட்டுகிற பேட்டரி மிஷின் எட்டாது. பூக்கும் நேரத்தில் தத்துப்பூச்சிக்கு மரம் முழுக்க நனைய அடிக்க வேண்டும், அதற்குப் பவர் ஸ்ப்ரேயரும் நீள ஹோஸும் வேண்டும். தோப்பில் வைத்துப் படம் பிடித்தால் தோப்புக்காரர்கள் வாங்குவார்கள், முதல் வாரமே திருப்பி அனுப்புவார்கள். தக்காளி, கத்தரி, பீன்ஸ், சாமந்தி, இவற்றோடு நிறுத்திக்கொள்வோம் என்றார். அந்த மறுப்புக்குப் பிறகுதான் மேலாளரின் பேச்சில் நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

TN29

விற்பனை யாரால் வந்தது என்று பிடிப்பதற்கு மூன்று கண்ணி வைத்தோம். முதலாவது வீடியோவின் கீழே கொடுக்கும் லிங்க். எங்கிருந்து வந்தார்கள் என்பதைக் காட்டும் அதன் வால் இப்படி இருந்தது:

```
?utm_source=youtube&utm_medium=affiliate&utm_campaign=sprayer_tn29
```

இரண்டாவது இணையதளத்தில் போடும் கூப்பன். மூன்றாவது போனில் வாயால் சொல்லும் கூப்பன். கம்பெனி முதலில் கொடுத்தது THAKKALI150. எழுத்தில் அழகாக இருந்தது. வீடியோவில் கேட்டுவிட்டு அதை அடிக்கிறவர்கள் ஒருவர் T மட்டும், ஒருவர் TH, ஒருவர் ஒரு K என்று அடிப்பார்கள். சேனல்காரரே ஒரு யோசனை சொன்னார். தருமபுரி வண்டிகள் TN29, கிருஷ்ணகிரி வண்டிகள் TN24. ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், போனில் சொன்னாலும் பிசகாது. இரண்டு கூப்பன் வைத்தால் எந்த மாவட்டத்தில் எவ்வளவு என்பதும் தானாகப் பிரிந்துவிடும். யூடியூப் காட்ட முடியாததை நம்பர் பிளேட் காட்டிவிட்டது.

பணம் வாங்கியதை வெளிப்படையாகச் சொல்வதில் பேச்சுக்கே இடமில்லை. விளம்பரத் தர அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021லேயே இதற்கு விதிமுறை கொண்டுவந்தது. மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியும் வீடியோவின் கீழே எழுதினால் மட்டும் போதாது, வீடியோவிலேயே வர வேண்டும் என்கிறது. கட்டணம் மட்டுமல்ல, கமிஷனும் இலவசப் பொருளும்கூட இதில் அடங்கும். ஆகவே யூடியூபில் பணம் பெற்ற விளம்பரம் என்ற பெட்டியில் டிக் போட்டு, தொடக்கத்திலேயே "இது விளம்பரம். இந்தக் கம்பெனி எனக்குப் பணம் தருகிறது, நீங்கள் வாங்கினால் கமிஷனும் வரும்" என்று வாயாலும் சொன்னார். கீழே தமிழில் "விளம்பரம்" என்ற எழுத்தும் இருந்தது.

நடந்தது

மழை தொடங்கும் முன் வீடியோ வந்தது. இலைக்கருகலுக்கு மருந்தடிப்பு கூடும் நேரம் அது. முதல் மாதக் கணக்குத்தாளில் லிங்க் 4, இணையக் கூப்பன் 6, போன் 5 என்று வந்தது. போன் எண்ணிக்கை இடித்தது. ஏனென்றால் சேனல்காரரின் வாட்ஸ்அப்பில் மட்டும் "போன்ல புக் பண்ணிட்டேன்" என்று 19 பேர் எழுதியிருந்தார்கள். பார்வையாளர்களிடம் ஆர்டர் நம்பரை அனுப்பச் சொல்லி அவர் வாங்கிவைத்திருந்ததால் பேச்சு சண்டையாகவில்லை. கம்பெனி அந்த நம்பர்களைத் தேடிப் பார்த்தபோது 11 ஆர்டர்கள் கூப்பன் கட்டம் காலியாகப் பதிவாகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் போன் எடுத்திருக்கிறார். தள்ளுபடியைக் கொடுத்தவர் கூப்பனை எழுதவில்லை. அந்த 11ஐயும் சேர்த்துக்கொண்டு, இந்த வீடியோவுக்கென்றே தனி சிம் ஒன்றைக் கம்பெனி போட்டது. அந்த நம்பருக்கு வருவதெல்லாம் இவர் கணக்கு. இப்போது நான் தயார் செய்யும் எல்லாக் கடிதத்திலும் தனி நம்பரை முதல் நாளிலிருந்தே கேட்கிறேன்.

90 நாள் முடிவில் லிங்க் 9, இணையக் கூப்பன் 14, போன் 29, மொத்தம் 52. கூப்பனோடு வந்த 43ல் TN29 என்று சொன்னவர்கள் 26, TN24 என்றவர்கள் 17. பாக்கெட் வந்தபோது வாங்காமல் விட்டவை 6, எல்லாமே போன் ஆர்டர். அதில் பாதிக்கு மேல் மனம் மாறியதல்ல. கூரியர் கிராமம்வரை போகாமல் தாலுகா ஊர் அலுவலகத்தில் வைத்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறது. வயல் வேலையில் அவர்கள் போகவில்லை. மீதி 46க்குக் கமிஷன் 11,500, கட்டணம் 6,000, ஆக அவருக்கு 17,500. பான் எண் கொடுத்து, டி.டி.எஸ். பிடித்தது போக வங்கியில் வந்தது. கம்பெனிக்குத் தள்ளுபடி 6,900ஐயும் சேர்த்தால் செலவு 24,400, அதாவது மிஷினுக்கு 530. கடைக்காரருக்குக் கொடுப்பதைவிடப் பத்து ரூபாய் குறைவு. ஆறு பாக்கெட்டின் போக்குவரத்துச் செலவு இதில் இல்லை. அதைச் சேர்த்தால் அந்தப் பத்து ரூபாய் காணாமல் போகும், கம்பெனியும் அதைச் சொன்னது.

எந்த வீடியோ விற்றது என்று தேதி வாரியாகப் பார்த்தோம். முதல் வீடியோ வந்த பத்து நாளில் ஒரு கூட்டம், பிறகு அடங்கிவிட்டது. மேலாளர் தயங்கிய பராமரிப்பு வீடியோ முதல் வீடியோவின் பார்வையில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆனால் 52ல் 21 ஆர்டர் அது வந்தபிறகு வந்தவை.

அடுத்த பருவத்துக்கான கடிதம் போய்விட்டது. கமிஷன் அதே 250. கட்டணம் 9,000 கேட்டிருக்கிறார், பராமரிப்பு வீடியோக்கள் இரண்டு. போன் ஆர்டருக்கு 200 ரூபாய் முன்பணம் யூ.பி.ஐ.யில் வாங்குவது, கூரியர் எந்த ஊர் அலுவலகத்தில் வைக்கும் என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுவது என்று இரண்டு நிபந்தனை கம்பெனியிடமிருந்து. பழைய வீடியோக்களைப் பார்த்து இப்போதும் ஆட்கள் கூப்பிடுவதால், கூப்பன் உயிரோடு இருக்கும்வரை கமிஷனும் ஓட வேண்டும் என்பது இவர் நிபந்தனை. 9,000க்கு 7,500 என்று கம்பெனி சொல்லியிருக்கிறது, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.